கஃபீல் வீடியோ கால்ல வர்றார், அரபில என்ன பேசறது? ஹவுஸ் டிரைவர் வேலைக்குக் கிளம்புற ஒரு வாசகருக்கு பதில்

வாசகர் கடிதம்:

"வணக்கம் சார். எனக்கு 34 வயசு, 9ஆம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சிருக்கேன், 7 வருஷமா டாக்ஸி ஓட்டறேன். ஏஜென்ட் மூலமா ரியாத்ல ஒரு வீட்டுல ஹவுஸ் டிரைவர் வேலை வந்திருக்கு. அடுத்த வாரம் கஃபீல், அதான் அந்த வீட்டு முதலாளி, வாட்ஸ்அப் வீடியோ கால்ல அரபில இன்டர்வியூ பண்ணுவாராம். ஏஜென்ட் 2 பக்கத்துக்கு அரபில எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்றார், கேள்வி புரியலன்னா 'ஐவா'ன்னு மட்டும் சொல்லு போதும்ங்கறார். மனப்பாடம் பண்ணப் பண்ண மறந்து போவுது. சம்பளம் எவ்வளவு கேக்கறது, பழைய ஒரு சின்ன ஆக்சிடென்ட்ட சொல்லலாமா மறைக்கலாமா, இதெல்லாம் குழப்பமா இருக்கு. ஏஜென்ட் 80,000 ரூபா கேக்கறார், அதையும் இன்டர்வியூக்கு முன்னாடியே கட்டணுமாம். என்ன பண்ணட்டும்?"

தம்பி, முதல்ல அந்த 2 பக்கத்த மடிச்சு உள்ள வைங்க. அதுல இருக்கிறது பெரும்பாலும் புத்தக அரபியா இருக்கும், நியூஸ் வாசிக்கற அரபி, ரியாத்ல ஒரு வீட்டுக்காரர் டிரைவர்கிட்ட அப்படி பேசவே மாட்டார். நீங்க மனப்பாடம் பண்ணினது ஒண்ணு, அவர் கேக்கறது வேற ஒண்ணுன்னு ஆகும்போது அந்த 'ஐவா' வரும் பாருங்க, அதுதான் ஆபத்து. ஐவான்னா 'ஆமா'. புரியாத கேள்விக்கு ஆமான்னு சொன்னா எதுக்கு ஆமா சொன்னீங்கன்னு உங்களுக்கே தெரியாது. "தோட்டத்து வேலையும் செய்வியா"ன்னு கேட்டிருப்பார், "ஆடு ஒட்டகம் பாத்துக்குவியா"ன்னு கேட்டிருப்பார், எல்லாத்துக்கும் ஐவா சொல்லிட்டு அங்க போய் எறங்கினப்புறம் 'நீதானே ஒத்துக்கிட்ட'ன்னு சொன்னா என்ன பதில் இருக்கு. டிரைவர்னு போயி பாலைவனத்துல ஆட்டு மந்தைக்கு நடுவுல நின்னவங்க கதை புதுசு இல்ல.

இன்னொரு விஷயம், டிரைவர் இன்டர்வியூன்னா கேக்கற கேள்வி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், ஒரு 12, 15 கேள்வி. அதுக்கு பதிலும் அந்தக் கேள்விக்குள்ளயேதான் இருக்கு. இது எப்படின்னு பாத்துட்டா மனப்பாட வேலையே பாதி கொறஞ்சிரும்.

கேள்விய வச்சே பதில் சொல்ற வழி

அரபில 'உன்னோட'ங்கறதுக்கு வார்த்தை கடைசில 'அக்' ஒட்டும், 'என்னோட'ங்கறதுக்கு 'இ' ஒட்டும். இஸ்மக் உன் பேரு, இஸ்மி என் பேரு. உம்ரக் உன் வயசு, உம்ரி என் வயசு. இந்தக் உன்கிட்ட இருக்கு, இந்தி என்கிட்ட இருக்கு. ஆக கேள்வில 'அக்' காதுல விழுந்தா அத எடுத்துட்டு 'இ' போட்டா உங்க பதில் ரெடி.

ரெண்டாவது, வினைச்சொல். 'நீ செய்யற'ன்னு வந்தா முன்னாடி 'த' அல்லது 'தி' சத்தம் இருக்கும், 'நான் செய்யறேன்'னா அங்க 'அ' வந்துரும். தஅரிஃப் உனக்குத் தெரியுமா, அஅரிஃப் எனக்குத் தெரியும். தஸூக் நீ ஓட்டுவியா, அஸூக் நான் ஓட்டுவேன். திஷ்தகில் நீ வேலை பாக்கற, அஷ்தகில் நான் வேலை பாக்கறேன். இல்லைங்கறதுக்கு முன்னாடி ஒரு 'மா' போட்டா முடிஞ்சுது: மா அஅரிஃப், தெரியாது. மா இந்தி, என்கிட்ட இல்ல.

மூணாவது இன்னும் சுலபம். நடந்து முடிஞ்ச விஷயத்த பேச்சு அரபில கேக்கும்போது நீயும் நானும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். குன்த்ன்னா 'நீ இருந்த'யும் ஆகும், 'நான் இருந்தேன்'னும் ஆகும். ருஹ்த், போன / போனேன். ஸவ்வேத், செஞ்ச / செஞ்சேன். அதனால அவர் சொன்ன வார்த்தைய அப்படியே திருப்பிச் சொன்னாலே பதில்தான்.

இது மூணும்தான் சட்டம். இதோட கேள்வி வார்த்தைகள் காதுல பிடிபடணும்: வேஷ் என்ன, வேன் எங்க, மீன் யாரு, கம் எத்தனை, மதா எப்போ, லேஷ் ஏன். இதுல மீன்னு நீட்டினா யாரு, மின்னு குறுக்கினா 'இருந்து', இந்த ரெண்டையும் கொஞ்சம் கவனிங்க.

எழுத்தப் பத்தி ஒரு வார்த்தை. நான் 'ஃக'ன்னு எழுதியிருக்கிறத எல்லாம் காறல் எடுக்கும்போது தொண்டை உரசுமே அந்த மாதிரி சொல்லணும், சாதா 'க' இல்ல. 'அஅ'ன்னு ரெண்டு தடவை எழுதியிருக்கிற இடத்துல தொண்டைய லேசா இறுக்கி சொல்லுங்க. சரியா வரலன்னாலும் புரிஞ்சுக்குவாங்க, டிரைவர்கிட்ட யாரும் சுத்த உச்சரிப்ப எதிர்பாக்கறது இல்ல.

இன்டர்வியூ எப்படி போகும்

உங்க விவரத்தையே வச்சு எழுதறேன். கஃபீல் பேசறது, அதுக்கு உங்க பதில், நடுவுல என் குறிப்பு.

கஃபீல்: அஸ்ஸலாமு அலைக்கும்.
நீங்க: வ அலைக்குமுஸ் ஸலாம். கேஃப் ஹாலக்?

கேஃப் ஹாலக்ன்னா எப்படி இருக்கீங்க. அவர் 'பிஃகேர்' இல்லன்னா 'தய்யிப், அல்ஹம்துலில்லா'ம்பார். எந்த மதக்காரரா இருந்தாலும் ஸலாம் சொல்றதும் அல்ஹம்துலில்லா சொல்றதும் அங்க சாதாரண மரியாதைப் பேச்சு, தயங்க வேண்டாம்.

கஃபீல்: வேஷ் இஸ்மக்? மின் வேன் இந்த?
நீங்க: இஸ்மி... (உங்க பேரு). அன மின் அல் ஹிந்த்.

இங்க 'இந்த'ன்னா நீ, 'அன'ன்னா நான், ஹிந்த்ன்னா இந்தியா.

கஃபீல்: கம் உம்ரக்? முதஸவ்விஜ்?
நீங்க: உம்ரி அர்பஆ வ தலாதீன் ஸனா. ஐவா, முதஸவ்விஜ்.

முதஸவ்விஜ்ன்னா கல்யாணம் ஆனவர். வயசு சொல்லும்போது நம்ம மாதிரி முப்பத்து நாலு இல்ல, நாலும் முப்பதும், அதாவது சின்ன எண்ணு முன்னாடி வரும். இதுல தடுமாறறவங்க நெறைய பேர், அதனால உங்க வயசு, அனுபவம், சம்பளம் இந்த மூணு எண்ணையும் மட்டும் வாய்விட்டு சொல்லிப் பழகுங்க, மத்த எண்கள் அங்க போயி வரும்.

கஃபீல்: கம் ஸனா ஃகிப்ரா? வேன் குன்த் திஷ்தகில்?
நீங்க: இந்தி ஃகிப்ரா ஸபஅ ஸனவாத். குன்த் அஷ்தகில் ஸவ்வாக் தக்ஸி, ஃபில் ஹிந்த்.

ஃகிப்ரா அனுபவம். ஸனா ஒரு வருஷம், ஸனவாத் வருஷங்கள். 3ல இருந்து 10 வரைக்கும் ஸனவாத், 11ல இருந்து மறுபடி ஸனா. அதனாலதான் வயசுக்கு ஸனா, அனுபவத்துக்கு ஸனவாத். ஸவ்வாக் பேச்சுல டிரைவர், ஆனா காண்ட்ராக்ட்லயும் விசாவுலயும் 'சாயிக் ஃகாஸ்'ன்னு இருக்கும், ஃகாஸ்ன்னா தனியார் வீட்டுக்கானது. ரெண்டும் ஒரே ஆள்தான், இந்தப் பேர ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

கஃபீல்: ருஹ்த் அஸ்ஸுஊதிய்யா கப்ல்?
நீங்க: லா. அவ்வல் மர்ரா.

முன்னாடி சவுதி போனியா, இல்ல முதல் தடவை. இதுல பொய் சொல்லாதீங்க, கப்ல்ன்னா முன்னாடின்னு தெரிஞ்சா போதும்.

கஃபீல்: இந்தக் ருஃக்ஸா?
நீங்க: ஐவா, இந்தி ருஃக்ஸா ஹிந்திய்யா. ருஃக்ஸா ஸுஊதிய்யா லிஸ்ஸா மா இந்தி.

ருஃக்ஸா லைசென்ஸ், லிஸ்ஸா இன்னும். இங்க ஒரு தப்பான எண்ணம் நெறைய பேருக்கு உண்டு, நம்ம ஊர் லைசென்ஸ காட்டினா போதும்னு. அங்க தங்கி வேலை பாக்கணும்னா இக்காமா, அதாவது அங்க தங்கறதுக்கான அனுமதி அட்டை, வந்தப்புறம் சவுதி ருஃக்ஸா எடுத்தாகணும், அதுக்கு செலவு யாருதுன்னு காலிலேயே கேக்கணும், கீழ சொல்றேன். அங்க வண்டி ஓடறது ரோட்டுக்கு வலது பக்கம், ஸ்டியரிங் இடது பக்கம், 7 வருஷ பழக்கத்துல கை தானா கியருக்கு இடது பக்கம் போவும். அதையும் மனசுல வச்சு போங்க.

கஃபீல்: தஅரிஃப் தஸூக் கீர் ஆதி?
நீங்க: ஐவா, அஅரிஃப். ஆதி வ ஆட்டோமேட்டிக்.

கீர் ஆதின்னா மேனுவல் கியர். அவர் 'ஜம்ஸ்'ன்னு சொன்னா பெரிய ஜிஎம்சி வண்டி, 'வானேத்'ன்னா பிக்கப். ஓட்டினது இல்லைன்னா 'மா ஸுக்த், பஸ் அதஅல்லம்' சொல்லலாம், ஓட்டினதில்ல ஆனா கத்துக்கறேன். பஸ்ங்கறது ஆனாவும் ஆகும் மட்டும்னும் ஆகும், அங்க ரொம்ப புழங்கற வார்த்தை.

கஃபீல்: தஅரிஃப் ஷவாரிஅ அர்ரியாத்?
நீங்க: லா, மா அஅரிஃப் அல்ஹீன். அம்ஷி அலல் லொக்கேஷன்.

ரியாத் தெரு தெரியுமா, இப்போ தெரியாது, லொக்கேஷன் போட்டு போயிருவேன். லொக்கேஷன்ங்கறத அங்கயும் அப்படியேதான் சொல்றாங்க. முதல் தடவை போற ஆளு தெரு எல்லாம் தெரியும்னு சொன்னா அவருக்கே சந்தேகம் வரும். யமீன் வலது, யஸார் இடது, ஸீதா நேரா, தவ்வார் ரவுண்டானா, இஷாரா சிக்னல், இது அஞ்சும் தெரிஞ்சா வண்டில ஒக்காந்து அவங்க வழி சொல்றது புரியும்.

கஃபீல்: ஸவ்வேத் ஹாதித் கப்ல்?
நீங்க: மர்ரா வாஹிதா. ஹாதித் ஸகீர். மா ஃபீ இஸாபா.

ஹாதித் ஆக்சிடென்ட். ஒரு தடவை, சின்ன ஆக்சிடென்ட், யாருக்கும் அடி இல்ல. மறைக்கலாமான்னு கேட்டிருந்தீங்க, என் அபிப்பிராயத்துல சொல்லிர்றது நல்லது. 7 வருஷம் டாக்ஸி ஓட்டினவன் ஒரு கீறல் கூட விழலன்னா யாரும் நம்பறது இல்ல, அதோட மூணு சின்ன வாக்கியத்துல நிதானமா சொல்றவன பாத்தா பயப்படாம ஓட்டுவான்னு தோணும். ஆனா உங்க கேஸ்ல யாருக்காவது அடிபட்டு வழக்கு இருந்திருந்தா விஷயம் வேற, அத எனக்கு தனியா எழுதுங்க.

கஃபீல்: இதா ஃகர்பத் அஸ்ஸய்யாரா ஃபித் தரீக், வேஷ் தஸவ்வி?
நீங்க: அவக்கிஃப் அலல் யமீன், பஅதேன் அத்தஸில் அலேக்கும்.

வழில வண்டி ரிப்பேரானா என்ன செய்வ, வலது ஓரமா நிறுத்துவேன், அப்புறம் உங்களுக்கு போன் பண்ணுவேன். இந்தக் கேள்விக்கு நீங்க மெக்கானிக் மாதிரி பதில் சொல்ல வேண்டாம், போன் பண்ணுவேங்கறதுதான் அவர் எதிர்பாக்கற பதில், வீட்டுப் பொம்பளைங்க புள்ளைங்க வண்டில இருப்பாங்க, அதான் அவர் கவலை. இங்க 'அலேக்'ன்னு சொல்லாம 'அலேக்கும்'ன்னு சொன்னத பாருங்க. கால்ல பக்கத்துல மேடம் இருப்பாங்க, சில சமயம் அவங்களே கேள்வி கேப்பாங்க. வார்த்தையோட கடைசி சத்தம் ஆம்பளைக்கு ஒரு மாதிரி பொம்பளைக்கு ஒரு மாதிரின்னு அரபில மாறும், அதுல சிக்காம 'உங்களுக்கு'ன்னு மரியாதைப் பன்மையா 'கும்' போட்டுட்டா ரெண்டு பேருக்கும் பொருந்தும். உங்கள அவங்க கேக்கற கேள்வி மாறாது, நீங்க ஆம்பளைங்கறதால இஸ்மக், இந்தக்ன்னேதான் வரும்.

கஃபீல்: தவஸ்ஸில் அல் இயால் அல் மத்ரஸா, அஸ்ஸாஆ ஸித்த ஸுப்ஹ். ஸேன்?
நீங்க: ஸேன். அவஸ்ஸில், மா ஃபீ முஷ்கில்.

பசங்கள காலைல 6 மணிக்கு ஸ்கூல்ல விடணும், சரியா. சரி, விடறேன், பிரச்சனை இல்ல. திதஃக்கின்னு கேட்டா சிகரெட் பிடிப்பியான்னு அர்த்தம், லா மா அதஃக்கின். பிடிக்கிறவரா இருந்தா 'பஸ் மா அதஃக்கின் ஃபிஸ் ஸய்யாரா' சொல்லுங்க, வண்டிக்குள்ள பிடிக்க மாட்டேன்.

அடுத்து வர்றதுதான் கத்தி மேல நடக்கற கேள்வி.

கஃபீல்: மும்கின் தஸாஇத் ஃபில் மஸ்ரஆ?
நீங்க: லா, ஆஸிஃப். அன ஸவ்வாக் பஸ். கஸீல் அஸ்ஸய்யாரா மாஷி, மஸ்ரஆ லா.

பண்ணைல கொஞ்சம் ஒத்தாசை பண்ணுவியா, மன்னிக்கணும், நான் டிரைவர் மட்டும்தான், வண்டி கழுவறது சரி, பண்ணை முடியாது. மஸ்ரஆ பண்ணை, கனம் ஆடு, ஜிமால் ஒட்டகம், தப்ஃக் சமையல், ஹாரிஸ் காவலாளி. இந்த அஞ்சு வார்த்தையில ஒண்ணு காதுல விழுந்தா உடனே நிதானமாகி யோசிங்க. லான்னு சொன்னா வேலை போயிருமோன்னு தோணும், ஆனா டிரைவர் விசால ஆள் எடுக்கறவர்தான், வண்டி கழுவறத ஒத்துக்கிட்டீங்கல்ல, அது நியாயமான எல்லை, கோவிச்சுக்க மாட்டார். சவுதியோட வீட்டுத் தொழிலாளர் விதிமுறைலயே காண்ட்ராக்ட்ல சொன்ன வேலைய விட்டு அடிப்படைல வேற வேலை வாங்கக் கூடாதுன்னுதான் இருக்கு.

புரியலன்னா ஐவா இல்ல, இத சொல்லுங்க: மா ஃபஹிம்த், மர்ரா தானியா லவ் ஸமஹ்த், ஷ்வய்யா ஷ்வய்யா. எனக்குப் புரியல, இன்னொரு தடவை தயவு செஞ்சு, மெதுவா. இத எத்தனை தடவை சொன்னாலும் குத்தமில்ல. தஅரிஃப் அரபின்னு கேட்டா 'ஷ்வய்யா, அதஅல்லம்', கொஞ்சம் தெரியும், கத்துக்கிட்டிருக்கேன். ஏற்கெனவே அங்க இருக்கறவங்க 'அன மா ஃபீ மாலூம்'ன்னு ஒடச்சுப் பேசறத நீங்க கேட்டிருப்பீங்க, அதுவும் அங்க புரியும், ஆனா முதல் கால்லயே 'மா அஅரிஃப்'ன்னு சொன்னா மரியாதையா இருக்கும்.

சம்பளம் பேசற இடம்

கஃபீல்: கம் தபி ராதிப்?
நீங்க: அபி அல்ஃப் வ ஃகம்ஸமியா ரியால்.
கஃபீல்: கதீர்! அல்ஃப் வ மியதேன்.
நீங்க: அல்ஃப் வ ஃகம்ஸமியா. வல் அகல் வஸ்ஸகன் அலேக்கும்?
கஃபீல்: அல்ஃப் வ அர்பஅமியா, வல் அகல் வஸ்ஸகன் அலேனா.
நீங்க: மாஷி. மக்தூப் ஃபில் அக்த்?

1500 கேக்கறீங்க, ஜாஸ்தின்னு சொல்லி 1200ம்பார், நீங்க 1500லயே நின்னு சாப்பாடும் தங்க இடமும் உங்க பொறுப்பான்னு கேக்கறீங்க, அவர் 1400, சாப்பாடு தங்க இடம் எங்களுதுன்னு முடிக்கறார். மக்தூப் ஃபில் அக்த்ன்னா காண்ட்ராக்ட்ல எழுதி இருக்கா. இது ஒரு உதாரணம்தான், 1500ங்கறது நான் போட்ட எண்ணு, உங்க ஏஜென்ட் காட்டின ஆர்டர்ல என்ன எழுதியிருக்கோ அதுக்குக் கீழ எறங்காதீங்க. அல்ஃப் ஆயிரம், மியா நூறு, மியதேன் எரநூறு, அர்பஅமியா நானூறு, ஃகம்ஸமியா ஐநூறு, அல்ஃபேன் ரெண்டாயிரம். ஃகம்ஸ அஞ்சு, ஃகம்ஸீன் அம்பது, ஃகம்ஸமியா ஐநூறு, இது மூணும் அவசரத்துல ஒண்ணாக் கேக்கும், அதனால எண்ண சொன்னப்புறம் விரல்ல காட்டவோ பேப்பர்ல எழுதி கேமராவுக்குக் காட்டவோ கூச்சப்படாதீங்க.

சாப்பாடு ஏன் முக்கியம்னா அது அவர் கணக்குல இல்லைன்னா மாசா மாசம் நல்ல ஒரு தொகை உங்க சம்பளத்துல இருந்து போயிரும், அதனால 1500 சாப்பாடு இல்லாமங்கறதும் 1400 சாப்பாட்டோடங்கறதும் பாத்தா 1400தான் பல சமயம் லாபம்.

நீங்க கேக்க வேண்டிய கேள்விகள்

'அலா மீன்'ன்னா யார் மேல, அதாவது யார் செலவு. இந்த ரெண்டு வார்த்தைய வச்சே மூணு கேள்வி கேட்டுரலாம்: அல் இக்காமா அலா மீன்? அர்ருஃக்ஸா அலா மீன்? அல் முஃகாலஃபா அலா மீன்? இக்காமா செலவு அவர் மேலதான் வரணும், விதியும் அதுதான். ருஃக்ஸா செலவ தெளிவா கேட்டு வாங்கிக்கோங்க, நெறைய வீட்டுல அவங்களே கட்டிருவாங்க, சில இடத்துல முதல் மாச சம்பளத்துல பிடிக்கப் பாப்பாங்க. முஃகாலஃபான்னா டிராஃபிக் அபராதம். கேமரால வேகம் பிடிபட்டா உங்க தப்புக்கு நீங்க கட்டறது நியாயம். ஆனா வண்டி பேப்பர், அதாவது இஸ்திமாரா, தஅமீன், ஃபஹ்ஸ், இதுல எதாவது காலாவதியாகி வர்ற அபராதம் உங்க தலைல விழக்கூடாது. இஸ்திமாரா வண்டி பதிவு, தஅமீன் இன்சூரன்ஸ், ஃபஹ்ஸ் வருஷாந்திர சோதனை. அதோட அவர் பேருல இருக்கிற வண்டிய நீங்க ஓட்ட அவர் சவுதி அரசோட அப்ஷர் தளத்துல 'தஃப்வீழ்' குடுக்கணும், அதாவது அனுமதி. சேந்ததும் அத முதல்ல கேளுங்க, வழில போலீஸ் நிறுத்தினா முதல்ல கேக்கறதுல அதுவும் ஒண்ணு.

இன்னொரு கேள்வி: கம் ஸாஆ தவாம், வ ஃபீ யோம் இஜாஸா ஃபில் உஸ்பூஅ? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் டூட்டி, வாரத்துல லீவு நாள் உண்டா. 2024 அக்டோபர்ல இருந்து நடைமுறைல இருக்கிற சவுதி விதிப்படி வீட்டுத் தொழிலாளிகிட்ட நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, வாரத்துல தொடர்ச்சியா 24 மணி நேரம் சம்பளத்தோட ஓய்வு. நடைமுறைல ஹவுஸ் டிரைவர் வேலை ராத்திரி 11 மணிக்கும் மால்ல இருந்து கூட்டிட்டு வரச் சொல்ற வேலைதான், காலைல ஸ்கூல் ட்ரிப், மதியம் ஓய்வு, சாயந்திரம் மறுபடி. அதனால இந்தக் கேள்விய சண்டை மாதிரி கேக்காம சிரிச்ச முகத்தோட கேளுங்க, ஆனா கேட்டுருங்க. பாஸ்போர்ட்ட அவர் வாங்கி வச்சுக்கறதும் விதிப்படி தப்பு. அத இந்த இன்டர்வியூல எழுப்ப வேண்டாம், அங்க போனப்புறம் பாஸ்போர்ட்டும் இக்காமாவும் உங்ககிட்டயே இருக்கட்டும்னு நின்னுக்கோங்க, போட்டோவும் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வைங்க.

ஏஜென்ட், பணம், பேப்பர்

நீங்க 9ஆம் வகுப்புன்னா உங்க பாஸ்போர்ட் ஈசிஆர் வகையா இருக்கும், சவுதிக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ், அதாவது நம்ம அரசோட அனுமதி, வாங்கியாகணும். ஏஜென்ட் மூலமா போறதா இருந்தா அவர் மத்திய அரசோட emigrate.gov.in தளத்துல பதிவான ஏஜென்ட்டாத்தான் இருக்கணும். அங்க ஏஜென்ட் பட்டியல் இருக்கு, உங்க ஆளோட பேரும் லைசென்ஸ் எண்ணும் அதுல ஆக்டிவா இருக்கான்னு பாருங்க. பதிவான ஏஜென்ட் சட்டப்படி வாங்கலாங்கற உச்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான். 80,000 எங்க இருந்து வருதுன்னு எழுத்துல கணக்கு கேளுங்க. வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கற செலவ கஃபீல்தான் சுமக்கணும், அதனால அந்தக் கணக்க எழுதிக் குடுக்க அவர் தயங்கினா அப்பவே உங்களுக்கு விஷயம் புரிஞ்சிரும். ரசீது இல்லாம ஒரு ரூபா குடுக்காதீங்க. இன்டர்வியூக்கு முன்னாடியே கட்டச் சொல்றவங்க கிட்ட வேலை கெடைக்கலன்னா திருப்பித் தர்றீங்களான்னு எழுதி வாங்குங்க. நான் உங்க இடத்துல இருந்தா இன்டர்வியூ முடிஞ்சு காண்ட்ராக்ட் கைக்கு வரும் வரைக்கும் பணம் குடுக்க மாட்டேன்.

காண்ட்ராக்ட் முஸானத் தளம் வழியாத்தான் வரணும், அது சவுதி அரசோட வீட்டுத் தொழிலாளர் தளம். வந்தப்புறம் மூணு விஷயம் பாருங்க. வேலைன்னு இருக்கிற இடத்துல 'சாயிக் ஃகாஸ்'ன்னு இருக்கா. 'ஆமில் மன்ஸிலி'ன்னா பொது வீட்டு வேலைக்காரர், 'ராஈ'ன்னா ஆடு மேய்க்கறவர், அதுல ஒண்ணு இருந்தா கையெழுத்துப் போடாதீங்க. சம்பளம் நீங்க கால்ல பேசின எண்ணு தானா. விசாலயும் அதே வேலைப் பேரு தானா. அரபி வாசிக்க வராதுன்னா தெரிஞ்சவங்கள வச்சு வாசிங்க, ஏஜென்ட்டோட ஆளையே வச்சு இல்ல. மறக்காம பிரவாசி பாரதிய பீமா யோஜனாவுக்கும் கேளுங்க, 10 லட்சம் ரூபா காப்பீடு, 2 வருஷத்துக்கு 275 ரூபாதான், ஈசிஆர்ல போறவங்களுக்கு அது கட்டாயம்.

இப்போ ஒத்திகை. மேல இருக்கிற கேள்விகள உங்க வீட்டுல யாரையாவது வாசிக்கச் சொல்லி, முதல்ல வரிசையா, அப்புறம் வரிசை மாத்தி கேக்கச் சொல்லுங்க, வரிசை மாறினாலும் 'த' போயி 'அ' வருதான்னு பாருங்க. நடுவுல வேணும்னே 'மும்கின் தஸாஇத் ஃபில் மஸ்ரஆ'வ ஒரு தடவை சொருகச் சொல்லுங்க. உங்க வாயில லா வந்துச்சுன்னா சரி. ஐவா வந்துச்சுன்னா இன்னும் ரெண்டு நாள் பழகிட்டு கால் எடுங்க, ஏஜென்ட்கிட்ட ரெண்டு நாள் தள்ளிப் போடச் சொன்னா கஃபீல் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்.